சோப்பு போட்டா எவ்வளவு நிக்கும்?

போன மாதம் ஒரு வளைகாப்பில் சித்தி மகள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். "அக்கா, நெசமா சொல்லு. வீட்லயே சோப்பு, மெழுகுவத்தி, ஊதுபத்தின்னு போட்டா மாசம் எவ்வளவு நிக்கும்?" வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையில் இருக்கிறாள். பந்திக்கு நடுவே இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. "எழுதியே அனுப்புறேன்"னு சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டிருப்பதால் இங்கேயே போடுகிறேன்.

எனக்குத் திருப்பூர் பக்கம். காங்கேயம் எண்ணெய் மில்கள் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். படித்தது வேதியியல் இளங்கலை. மூன்றரை வருடமாகச் சோப்பு காய்ச்சுகிறேன். மெழுகுவத்தி ஒரு வருடம் செய்து நிறுத்தினேன். ஊதுபத்தியில் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்றுக்கும் ஒரே நோட்டில் கணக்கு வைத்திருக்கிறேன். அந்த நோட்டில் பொருள் விலையோடு நான் செலவழித்த நிமிடங்களையும் எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கே உண்மை தெரிந்தது.

சோப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பழைய கலவை இது. 1 கிலோ எண்ணெய்: தேங்காய் எண்ணெய் 600 கிராம், தவிட்டு எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100. தேங்காய் எண்ணெய் நுரையையும் கெட்டித்தன்மையையும் கொடுக்கும். அது மட்டும் என்றால் தோல் வறண்டுபோகும், அதனால் தவிட்டு எண்ணெய். விளக்கெண்ணெய் நுரையைச் சட்டென்று அடங்காமல் பிடித்துவைக்கும். காஸ்டிக் சோடா எவ்வளவு என்பதை ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் 1 கிராமைச் சோப்பாக்க 0.183 கிராம் சோடா வேண்டும். தவிட்டு எண்ணெய்க்கு 0.133, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 163 கிராம் வருகிறது. அதை அப்படியே போட்டால் கடைசித் துளி எண்ணெய்வரை சோப்பாகிவிடும், கை கொஞ்சம் பிசகினால் சோடா மிஞ்சித் தோலை அரிக்கும். அதனால் 100க்கு 8 பங்கு எண்ணெயைச் சோப்பாகாமல் மிச்சம் விட்டு, 150 கிராம் சோடா போட்டேன். தண்ணீர் அதற்கு இரண்டு மடங்கு, 300 கிராம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்து முகத்தில் தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினியத்தைச் சோடா தின்றுவிடும், கூடவே தீப்பிடிக்கிற ஹைட்ரஜனும் கிளம்பும். நம் வீட்டு அடுக்களையில் பாதிப் பாத்திரம் அலுமினியம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதே. குழந்தை தூங்கிய பிறகு செய்.

சோடாத் தண்ணி 80 டிகிரிக்கு மேல் சூடேறும். அது 40க்கு இறங்கியதும், அதே சூட்டில் இருக்கும் எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். முதலில் மோர் மாதிரி இருக்கும். பிறகு தோசை மாவுப் பதம். பிளெண்டரைத் தூக்கினால் வழிகிற மாவு மேலே கோடு போட்டு இரண்டு நொடி அப்படியே நிற்கும். அதுதான் பதம், எல்லாரும் 'ட்ரேஸ்' என்பார்கள். எண்ணெய் ஆறிப்போயிருந்தால் பொய்யாகவும் ஒரு கெட்டிப் பதம் வரும். தேங்காய் எண்ணெய் உறைவதால் வருகிற கெட்டி அது, சோப்பானதால் வருவதில்லை. அதை நம்பி அச்சில் ஊற்றினால் மறுநாள் அடியில் சோடாத் தண்ணி தேங்கி நிற்கும். சந்தேகமாக இருந்தால் பாத்திரத்தை லேசாகச் சூடுகாட்டிப் பார். பொய்ப் பதம் இளகிவிடும். உண்மையான பதம் சூட்டில் இன்னும் வேகமாக இறுகும்.

மறுநாள் வெட்டினால் 110 கிராமில் 13 கட்டி. ஐந்து வாரம் காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் தண்ணீர் ஆவியாகி ஒவ்வொன்றும் 100 கிராம் பக்கத்தில் வந்து நிற்கும்.

இனிப் பணம். 2024 தொடக்கத்தில் மில்லில் கிலோ 180 ரூபாய்க்கு வாங்கிய தேங்காய் எண்ணெய், 2025 நடுவில் அதே மில்லில் 400 ரூபாய். கொப்பரை விலை ஏறிய வேகம் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 600 கிராமுக்கு 240 ரூபாய். தவிட்டு எண்ணெய் 50, விளக்கெண்ணெய் 20, சோடா 18, எலுமிச்சம்புல் தைலம் 30 கிராமுக்கு 60, குப்பைமேனிப் பொடி 10. மொத்தம் 398 ரூபாய். பழைய விலையில் இதே பாத்திரம் 266 ரூபாய்க்கு முடிந்திருக்கிறது.

பதின்மூன்றில் ஒன்று எப்போதும் ஓரம் உடைந்தோ, நான் சோதித்துப் பார்த்தோ போய்விடும். விற்கக் கிடைப்பது 12 என்றே வை. ஒரு கட்டிக்குப் பொருள் 33 ரூபாய். பட்டர் பேப்பரும் அச்சடித்த அட்டைப் பெட்டியும் 9. ஆக 42. விற்ற விலை 120. கட்டிக்கு 78 ரூபாய் நிற்கிறது. பாதிக்கு மேல் லாபம்!

இந்த இடத்தில்தான் எல்லாரும் நோட்டை மூடிவிடுகிறார்கள். நானும் எட்டு மாதம் மூடித்தான் வைத்திருந்தேன். தங்கக் காசு மாதிரி 78, 78 என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் சேர்ந்த மாதிரி இருக்காது, இடுப்பு மட்டும் ஒடியும். அப்புறம்தான் ஒரு மாதம் முழுக்க போனில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

எடை போட்டு, சோடா கரைத்து, ஆறவைத்து, அச்சில் ஊற்ற 75 நிமிடம். கழுவ 30 நிமிடம். எண்ணெயும் சோடாவும் கலந்த பாத்திரத்தை உடனே கழுவினால் கை அரிக்கும், மறுநாள் கழுவினால் சுரண்ட வேண்டும். வெட்டி ஓரம் சீவ 25. ஐந்து வாரத்தில் திருப்பி வைக்க எல்லாமாகச் சேர்த்து 10. சுற்றிப் பெட்டியில் போட்டு லேபிள் ஒட்ட, கட்டிக்கு 3 நிமிடம், 36. இதுவரைக்கும் கிட்டத்தட்ட 3 மணி நேரம்.

நான் கணக்கில் சேர்க்காமலே விட்டிருந்தது இதற்கு அப்புறம் வருவது. ஒருவர் சராசரியாக 3 கட்டி வாங்குவார். வாட்ஸாப்பில் "இது முகத்துக்குப் போடலாமா", "குழந்தைக்கு ஆகுமா", "போட்டோ அனுப்புங்க", பிறகு முகவரி, பணம் வந்ததா என்று பார்ப்பது, அட்டைப்பெட்டி கட்டுவது, கூரியர் கடை வரை போய் வருவது. ஓர் ஆர்டருக்கு 25 நிமிடம். 12 கட்டிக்கு 4 ஆர்டர், 100 நிமிடம். சோப்பு காய்ச்சும் நேரத்தைவிட அதை அனுப்பும் நேரம் அதிகம்!

12 கட்டிக்கு 936 ரூபாய். நாலு பார்சல் பெட்டிக்கு 60, கேஸ், கரண்ட் 20 கழித்தால் 856. நேரம் 276 நிமிடம். மணிக்கு 186 ரூபாய்.

இது மோசமில்லை. பக்கத்து வீட்டு அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு ஒரு ஷிஃப்ட்டுக்கு 450 ரூபாய் வாங்குகிறார். அதோடு வைத்துப் பார்த்தால் இது மேல்தான். ஆனால் இதே 12 கட்டியை ஓர் ஆர்கானிக் கடையில் வைத்தேன். அவர்களுக்கு 100க்கு 35 கமிஷன். 120ல் எனக்கு வருவது 78, அதில் நிற்பது 36. பார்சல் வேலை இல்லை, கொண்டுபோய்க் கொடுக்க அரை மணி நேரம். அப்படியும் மணிக்கு 120 ரூபாய்தான் வந்தது. விற்காமல் திரும்பி வந்த கட்டிகளையும் சேர்த்தால் இன்னும் குறையும். கடை அலமாரியில் நம் சோப்பு நிற்பதைப் பார்க்கிற சந்தோஷத்தில் நான் ஒரு வருடம் அந்தக் கடைக்குக் கொடுத்தேன்.

எல்லாம் மாறியது ஒரு கல்யாண ஆர்டரில். மாப்பிள்ளை வீட்டம்மா போன் பண்ணினார். "ஏங்க, தாம்பூலப் பையில போடறதுக்கு சோப்பு வேணுங்க. பெட்டியெல்லாம் வேண்டாம். 75 ரூவாய்க்கு முடியுங்களா?" 120 ரூபாய்ச் சோப்பை 75க்கு எப்படி என்று முதலில் மனசு ஒப்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டேன்.

3 கிலோ எண்ணெயை ஒரே தடவையில் காய்ச்சினேன். மூன்று மடங்கு எண்ணெய்க்கு மூன்று மடங்கு நேரம் ஆகவில்லை. காய்ச்சி ஊற்ற 100 நிமிடம், கழுவ 35, வெட்ட 50, திருப்பி வைக்க 15. பெட்டிக்குப் பதில் நடுவில் ஒரு காகிதப் பட்டை, ஒன்றுக்கு 2 ரூபாய், ஒன்றரை நிமிடம். 37 நல்ல கட்டி கிடைத்தது. பேசி முடித்து, கொண்டுபோய்க் கொடுத்து வர 1 மணி நேரம். எல்லாம் சேர்த்து ஐந்தே கால் மணி. வந்தது 2,775 ரூபாய், செலவு 1,300. மிச்சம் 1,475. மணிக்கு 280 ரூபாய்!

விலையை 45 ரூபாய் குறைத்து விற்றதில் என் கூலி நூறு ரூபாய் பக்கம் ஏறியிருக்கிறது. இதை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. காசு தின்றுகொண்டிருந்தது எண்ணெயைவிடப் பெட்டியும் பார்சலும் பேச்சும்தான். கையால் செய்த சோப்பு என்றால் விலையை ஏற்று, 200 ரூபாய் சொல்லு, பெட்டியை அழகாக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நேரத்தை விளம்பரத்துக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. ஒரே ஆளுக்கு 40 கட்டி விற்பதில்தான் எனக்கு நின்றது.

அதே முறையில் எடுத்த இரண்டாவது ஆர்டரில் அடியும் வாங்கினேன். காய்ச்சி நாலாவது வாரம். கட்டிகளைத் திருப்பி வைக்கப் போனேன். ஒரு கட்டியின் ஓரத்தில் மஞ்சள் பொடி சிந்திய மாதிரி மூன்று புள்ளி. துடைத்தேன், போகவில்லை. முகர்ந்தால் பழைய முறுக்கு டப்பாவைத் திறந்த மாதிரி சிக்கு வாடை. மறுநாள் பத்துக் கட்டியில் அதே புள்ளி, ஆரஞ்சு நிறத்தில். அடுத்த வாரம் பாதிக்கு மேல். இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம்.

சோப்பாகாமல் மிச்சம் விட்ட எண்ணெய் காறிப்போனால் வருகிற புள்ளி அது. தவிட்டு எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெய்கள் சீக்கிரம் காறும். நான் போட்டது 100க்கு 30 பங்கு, அதுவும் திறந்து மாதக்கணக்கான டின்னிலிருந்து. மிச்சம் விட்டதும் 8 பங்கு, அதிகம். அது போதாதென்று ஐப்பசி மழை ஈரத்தில் இரும்புக் கம்பி ரேக்கில் அடுக்கியிருந்தேன். இரும்பு பட்டால் காறுவது வேகமாகும். முதல் புள்ளிகள் எல்லாம் கம்பி பட்ட கோட்டிலேயே இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அந்தச் சோப்பு உடம்புக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் தாம்பூலப் பையில் போட முடியுமா? ஆர்டரைத் திருப்பிச் சொல்லி, முன்பணத்தைக் கொடுத்து, அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐந்து வாரம் காய வேண்டிய பொருளில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். தவறு தெரிகிற நேரத்தில் மறுபடி செய்ய நாள் இருக்காது. இப்போது தவிட்டு எண்ணெயைப் பாதியாக்கி, மீதி 150 கிராமுக்குப் பாமாயில் சேர்க்கிறேன். பாமாயிலுக்கு 0.141 என்பதால் சோடாக் கணக்கை மறுபடி போட்டேன். மிச்ச எண்ணெயை 5 பங்காகக் குறைத்து 155 கிராம் சோடா. ரேக் பிளாஸ்டிக். ஆர்டர் எடுத்தால் எட்டு வாரத்துக்கு முன்னால் காய்ச்சிவிடுகிறேன். எட்டு வாரம் என்றால் அத்தனை நாளும் எண்ணெய்க் காசு ரேக்கில் முடங்கிக் கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்.

அடுத்தது நிறைய பேர் சொல்லாமல் விடுகிற விஷயம். நீ இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

விற்பதற்குச் சோப்பு செய்ய உரிமம் வேண்டும். குளியல் சோப்பு நம் சட்டத்தில் அழகுசாதனப் பொருள். 1940ஆம் வருடத்து மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டமும், 2020ல் வந்த அழகுசாதன விதிகளும் அதற்குப் பொருந்தும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் உரிமம் கொடுக்கும். வேதியியல் படித்தவரோ மருந்தாக்கப் பட்டயம் பெற்றவரோ மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். அது எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் தயாரிக்கும் இடம் குடியிருக்கும் இடமாக இருக்கக் கூடாது, குடியிருப்போடு ஒட்டித் திறந்தும் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதாவது நான் மேலே சொன்ன அடுக்களை மேசை விற்பனைக்கு ஆகவே ஆகாது. இயற்கை, மூலிகை, கைவேலை என்று லேபிளில் போட்டாலும் விதி மாறாது.

இது தெரியாமல்தான் நான் முதலில் விற்றேன். தெரிந்த அன்று பயமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. வாங்கினவர்கள் குழந்தைகளுக்குத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். எந்தக் கட்டி எந்தப் பாத்திரத்தில் வந்தது என்றுகூட என்னிடம் பதிவு இல்லை. யாருக்காவது அரிப்பு வந்திருந்தால் எதை நிறுத்துவது என்று தெரிந்திருக்காது. விதி கேட்கிற பேட்ச் பதிவு அதற்குத்தான் என்று அப்போது புரிந்தது.

தனி இடம் கட்டுவது என்னால் முடியாது. இன்னொரு வழி லோன் லைசென்ஸ். ஏற்கனவே உரிமம் உள்ள ஒரு யூனிட்டின் இடத்தையும் சாதனங்களையும் பயன்படுத்தி நம் பெயரில் தயாரிக்க, நமக்கென்று தனியாக உரிமம் வாங்குவது. அதற்கு அலைந்து வாங்கினேன். இப்போது மாதம் இரண்டு நாள் அந்த யூனிட்டுக்குப் போகிறேன். ஒரு நாள் காய்ச்சி ஊற்ற, ஒரு நாள் வெட்டி அடுக்க. அவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய். ஒரு தடவைக்கு 12 கிலோ எண்ணெய், 150 கட்டி பக்கம் வருகிறது. கட்டிக்கு 20 ரூபாய் புதிதாக ஏறிவிட்டது.

சமீபத்தில் ஒரு மாதத்துக் கணக்கை அப்படியே தருகிறேன். நல்ல கட்டி 148. நூறு ஒரு வளைகாப்புக்கும் ஒரு கல்யாணத்துக்கும், விலை 85. பொருள் 32, பட்டை 2, யூனிட் 20 போக 31 வீதம் 3,100 ரூபாய். மீதி 48 பக்கத்துத் தெருக்காரர்கள் வீட்டுக்கே வந்து 120க்கு வாங்கியது. பெட்டி 9 சேர்த்துக் கழித்தால் 59 வீதம் 2,832. பஸ்ஸுக்கு 200 போக, 5,732 ரூபாய். யூனிட்டில் இருந்ததும் பஸ்ஸில் போனதும் 17 மணி நேரம், சுற்றுவது 5, விற்பது 5. மொத்தம் 27 மணி நேரம். மணிக்கு 210 ரூபாய் சொச்சம்.

கூலியாகப் பார்த்தால் நல்ல கூலி. மாதச் சம்பளமாகப் பார்த்தால் 5,700 ரூபாய். இரண்டும் உண்மை. நீ கேட்டது "மாசம் எவ்வளவு நிக்கும்" என்று. அதற்கு என் நேர்மையான பதில் இந்த இரண்டாவது எண். இன்னும் 27 மணி நேரம் உழைக்க நான் தயார், வாங்க ஆள் வேண்டுமே? நல்ல சோப்பு ஒரு கட்டி ஒருவருக்கு ஒரு மாதம் வரும். எனக்குத் தெரிந்த வட்டம் அவ்வளவுதான். பெங்களூரில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், ஆனால் வேறு மாநிலத்துக்குச் சோப்பு விற்றால் விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் வருடம் 40 லட்சம்வரை வேண்டியதில்லை. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் வைத்தால் இந்த 5,700ல் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்.

மெழுகுவத்திக்கும் ஊதுபத்திக்கும் இந்த உரிமம் தேவையில்லை. அதனால் அதைச் செய்யலாமே என்று உனக்குத் தோன்றும்.

மெழுகுவத்தியில் ஒன்றுக்கு நிற்கும் காசு அதிகம். கண்ணாடி ஜாரில் சோயா மெழுகு 160 கிராம், வாசனைத் தைலம் அதில் 100க்கு 8 பங்கு, திரி, மூடியோடு ஜார், பெட்டி, எல்லாம் 178 ரூபாய். 399க்கு விற்றேன், 221 நின்றது. பொருளில் மெழுகைவிட ஜார்தான் விலை. உருக்கி ஊற்றுவதும் சுலபம், சோடா மாதிரிப் பயம் இல்லை. வேலை இருப்பது திரியில். ஜாரின் அகலம், மெழுகு, வாசனை, இந்த மூன்றில் எது மாறினாலும் திரி மாற வேண்டும். திரி சின்னதாக இருந்தால் நடுவில் கிணறு மாதிரி குழி விழுந்து, சுற்றி மெழுகு உருகாமல் நின்றுபோகும். பெரிதாக இருந்தால் புகைந்து ஜார் விளிம்பு கறுக்கும், கண்ணாடி சுடும். சரியா என்று பார்க்க, ஒரு தடவைக்கு 4 மணி நேரம் எரித்து, உருகிய குளம் விளிம்பைத் தொடுகிறதா என்று பார்த்து, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி எரிக்க வேண்டும். அடி வரை பார்த்தால்தான் சோதனை. ஒரு ஜாருக்கு ஏழெட்டுத் தடவை. மல்லிகை வாசனைக்குச் சரியான திரி கிடைக்க நான் 11 ஜாரை எரித்தேன். அது முடிந்து சித்திரை வந்தது. இந்த ஊர் வெயிலில் அலமாரியில் இருந்த ஜார்களுக்கு மேல் எண்ணெய் வியர்த்தது. கூரியரில் போனது ஒரு பக்கம் உருகிச் சாய்ந்து போய்ச் சேர்ந்தது, 15ல் 2 ஜார் உடைந்தே போனது. கார்த்திகையிலிருந்து தை வரைதான் இங்கே அதற்கு நேரம். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும், ஒரே வாசனை, ஒரே ஜார் என்று செய்தால் நிற்கும். ஐந்து வாசனை வைத்தால் சோதனையிலேயே காசு போய்விடும்.

ஊதுபத்தியை ஒரே கணக்கில் சொல்லிவிடலாம். கரித்தூளும் ஜிகட் பொடியும் பிசைந்து, மூங்கில் குச்சியில் கையால் உருட்டினால் ஒரு மணி நேரத்துக்கு எனக்கு 90 குச்சி வந்தது. ஜிகட் என்பது ஒரு மரப்பட்டைத் தூள், அதுதான் பசை. மெஷினில் போட்ட வாசனை சேர்க்காத குச்சி எங்கள் பக்கம் கிலோ 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு கிலோவில் ஆயிரம் பக்கம் இருக்கும். என் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு 7 ரூபாய். பழகிய கைகள் என்னைவிடப் பல மடங்கு வேகமாக உருட்டும், அவர்களுக்கே ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்தக் குச்சியை வாங்கி வாசனையில் முக்கி விற்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதைக் கைவேலை என்று சொல்லி விற்க மனசு வரவில்லை.

அதில் தப்பிப் பிழைத்தது தசாங்கம் மட்டும். அம்மா வீட்டில் வெள்ளிக்கிழமை போடுகிற அதே பொடி. சாம்பிராணி, குங்கிலியம், வெட்டிவேர், சந்தனத்தூள், தேவதாரு என்று பத்துச் சாமான். ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். குச்சி வேண்டாம், உருட்ட வேண்டாம், காயவைக்க வேண்டாம். வாங்குகிறவர் தானே கூம்பு அச்சில் அழுத்திப் பற்றவைத்துக்கொள்வார். மாவு மில்லில் வாசனை ஒட்டிக்கொள்ளும் என்று அரைத்துத் தர மாட்டார்கள், சீயக்காய் அரைக்கிற மில்லுக்குத்தான் போக வேண்டும். 100 கிராம் டப்பா 90 ரூபாய், செலவு 38. சோப்பு வாங்க வீட்டுக்கு வருகிறவர்கள் கையோடு எடுத்துப் போகிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு நிமிடம்கூடப் பேச வேண்டியிருப்பதில்லை.

வேலையை விடட்டுமா என்று கேட்டாயே, விடாதே. சனி, ஞாயிறில் முதலில் உன் வீட்டுக்கு மட்டும் காய்ச்சு, எட்டு வாரம் வைத்துப் பார், புள்ளி வருகிறதா என்று பார். பிறகு யூனிட்டுக்கு என்னோடு ஒரு தடவை வா, பெரிய பாத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்.

அடுத்த மாதத்துக்கு யூனிட்டில் நாள் சொல்ல வேண்டும். 3,000 ரூபாய் வாடகையை 70 கட்டியில் போட்டால் கட்டிக்கு 43 ஆகிறது, அப்போது 85க்கு விற்கிற சோப்பில் 8 ரூபாய்தான் நிற்கும். அதனால் 110 கட்டிக்கு ஆர்டர் சேர்ந்தால்தான் நாள் குறிப்பது என்று வைத்திருக்கிறேன். இன்றைக்குக் கையில் இருப்பது 64. ஒரு புதுமனைப் புகுவிழாக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள். அவர்களுக்கு 50 வேண்டுமாம்.